மூன்றாவது மூடி நிரம்பக் கூடாது

அத்தான் செத்த பிறகு அவரை நான் ஒரு தரம் கண்டிருக்கிறேன். காலை நேரம், காற்று எழும்ப முந்தி, அக்காவின் வெங்காயத் தோட்டத்தில். முதுகில் மருந்துத் தாங்கி, முழுக்கைச் சேட்டு, தலையில் அவருடைய வெளிறின தொப்பி. பாத்திக்கு நடுவே விறுவிறென்று போய்க்கொண்டிருந்தார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் நின்றேன். திரும்பினபோது பார்த்தால் அக்கா. மருந்து உடம்பில் படக் கூடாதென்று புருசனின் சேட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"என்னடி பேயைக் கண்டவள் மாதிரி நிக்கிறாய்" என்றாள்.

"பேயைத்தான் கண்டனான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் அந்த வீட்டில் பேய் என்ற சொல்லுக்கு யாரும் சிரிப்பதில்லை.

எங்கள் ஊர் கரம்பொனில் எனக்கும் அக்காவுக்கும் ஒரே கிணறு, நடுவில் ஒரு வேலி. அக்கா பக்கம் நாலு பரப்பில் வெங்காயம். அந்த வெங்காயம் மற்ற வெங்காயம் போன்றதல்ல. அத்தான் கடைசியாக அறுத்துக் காயவிட்டு, தன் கையாலே ஓலை நாரால் பிடி பிடியாகக் கட்டிக் குசினிக் கூரை வளையில் தொங்கவிட்ட விதை. அவர் கட்டி முடித்துச் சில கிழமைகளில் கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். நெஞ்சு. ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, இது பழைய வருத்தம், கனகாலமாக இருந்திருக்க வேணும் என்றாராம். அக்கா அதைக் கேட்டு, "அந்த மனுசன் ஒரு நாளும் சொல்லேல்லை" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே குந்திவிட்டாள்.

மழை முடிந்ததும் மகள்மார் தொலைபேசியில் சொன்னார்கள், அம்மா இந்த முறை நட வேண்டாம், விதையை வித்துப் போடுங்கோ என்று. அக்கா கேட்கவில்லை. ஒரு முறை நடாவிட்டால் விதை வெங்காயம் வற்றிச் சாவும், பிறகு கடையில் வாங்குவது கடைக்காரன் வெங்காயம் என்றாள். அவர் கட்டின முடிச்சை அவிழ்க்க மனம் வராமல் முடிச்சுக்கு மேலால் ஓலையை வெட்டித்தான் விதையை எடுத்தாள். அந்த முடிச்சுகள் எல்லாம் அலுமாரிக்குள்.

நட்டது நல்லாகத்தான் வந்தது. பிறகு வெங்காயத் தாள் வெளிறத் தொடங்கியது. வெள்ளிக் கம்பியால் கீறினது போலக் கோடு கோடாக, நுனி சுருண்டு காய்ந்துகொண்டு வந்தது. தாளின் இடுக்கை விரித்துப் பார்த்தால் ஊசி முனை அளவில் மஞ்சளாக ஓடும். பனிப்பூச்சி. எங்களுக்கு இது புதிசில்லை. அத்தான் காலத்திலும் வரும், அவர் ஒரு தரம் மருந்தடிப்பார், மறு கிழமை தோட்டம் தெளிந்துவிடும்.

அக்காவும் அதே மருந்து, அதே தாங்கி, அதே அளவுதான். தாங்கிக்குப் போத்தில் மூடியால் இரண்டு மூடி. கடைசிப் போகத்தில் அவள் தண்ணீர் அள்ளி ஊற்றும்போது, எவ்வளவப்பா விடுறீங்கள் என்று கேட்க, அத்தான் சொன்ன அளவு அது. அவர் அவளுக்குச் சொல்லிவிட்டுப் போன தோட்டக் கணக்கு அது ஒன்றுதான். அதை அவள் ஒரு வாக்கு மாதிரி வைத்திருந்தாள்.

அடித்தாள். பூச்சி போகவில்லை. போத்திலில் பாதி மிச்சம் இருந்தது, அதை வைத்து இன்னொரு தரம் அடித்தாள். போகவில்லை. மூன்றாம் தரமும் அடித்தாள். பூச்சி கொஞ்சம் குறைந்தது போலக் காட்டிப்போட்டு மறுபடி பெருகியது. தோட்டத்தின் மேற்கு மூலை வைக்கோல் நிறமாகிவிட்டது.

அப்போதுதான் ஊர்க்கதை கிளம்பியது. பின் வீட்டு மாமி வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னா, "உன்ர கொக்காவுக்குச் சொல்லு. அந்த மனுசன் தன்ர சாமானைத் தொட விடுறாரில்லை. தாங்கியை ஆருக்கும் குடுத்துப் போட்டு பூசாரியைக் கூப்பிட்டு ஒரு கழிப்புக் கழிக்கச் சொல்லு."

"மாமி, பூச்சிக்கும் அத்தானுக்கும் என்ன?"

"என்னெண்டு கேக்கிறியோ? ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே நிலம். அவர் அடிக்கச் செத்த பூச்சி இவள் அடிக்கச் சாகேல்லை. மாறினது ஆரடி? ஆள்தானே?"

மாமி வாய்க்கு வந்ததைச் சொல்லுகிற ஆள். ஆனால் அன்றைக்கு அவ சொன்னதில் ஒரு சொல் சரியாகத்தான் இருந்தது. அது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

அக்காவுக்கு இந்தக் கதை எட்டாமலா இருக்கும்.  தாங்கியைத் தூக்க முந்தி அதன் வாரைத் தடவி, "நான்தானப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் தோளில் போடுவாள். இதை நான் என் காதால் கேட்டேன். ஒரு நாள் பின்னேரம் கிணற்றடியில் கேட்டாள்:

"என்னில என்ன கோபமடி அவருக்கு? வித்துப் போடு எண்டு சொல்லுறாரோ, நடாதை எண்டு சொல்லுறாரோ? ஒண்டும் விளங்கேல்லை. அவற்ற விதையை நானே சாகடிக்கிறன்."

"அக்கா, உது வெறும் பூச்சி."

"வெறும் பூச்சி எண்டால் சாகவேணுமே."

சொல்லிவிட்டு வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். அந்த நாலு பரப்பும் போனால் அத்தானின் கையால் கட்டினது என்று மண்ணில் ஒன்றும் மிஞ்சாது. அவளுக்கு வேண்டியது விலை போகிற வெங்காயம் இல்லை. அடுத்த போகத்துக்கு வளையில் தொங்கவிட நாலு பிடி.

விவசாயப் போதனாசிரியராக எங்கள் பக்கத்துக்கு வந்திருந்தது ஒரு சின்னப் பெண். மோட்டார் சைக்கிளில் கச்சான் காற்றுக்குள்ளும் வந்து போவாள். நான்தான் மறித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளை குந்தியிருந்து ஒரு தாளை விரித்துப் பார்த்தாள். பிறகு போத்திலைக் கேட்டாள். எழுத்தை வெயிலுக்குப் பிடித்து வாசித்தாள்.

"ஹெக்டேயருக்கு ஆயிரம் மில்லிலீற்றர். நீங்கள் எவ்வளவம்மா விடுறீங்கள்?"

"தாங்கிக்கு ரெண்டு மூடி."

அவள் ஒரு அளவுக் குவளையை எடுத்து, அந்த மூடியில் தண்ணீர் நிரப்பி இரண்டு தரம் ஊற்றினாள். இருபத்தைந்து மில்லி நின்றது.

"தாங்கி பதினாறு லீற்றர். சரி. தாங்கிக்கு இருபத்தைஞ்சு மில்லி எண்டது போதுமோ காணாதோ எண்டு என்னால இப்ப சொல்ல ஏலாது" என்றாள்.

அக்காவுக்குச் சுள்ளென்று வந்தது. "படிச்ச பிள்ளை, போத்திலில எழுதியிருக்கு, வாசிச்சும் போட்டீர். பிறகென்ன ஏலாது?"

"அம்மா, போத்தில் நிலத்தின்ர கணக்கைச் சொல்லுது. நீங்கள் தாங்கியின்ர கணக்கைச் சொல்லுறீங்கள். ரெண்டுக்கும் நடுவில ஆள் ஒராள் நடக்கிறார். அவர் எவ்வளவு கெதியா நடக்கிறார் எண்டு தெரியாமல் நான் என்னத்தைச் சொல்ல?"

நான் அதை முதலில் பகிடி என்று நினைத்தேன். பகிடி இல்லை. ஒரு தாங்கி தண்ணீர் ஒருவருக்கு ஒரு பரப்புக்குக் காணும், இன்னொருவருக்கு இரண்டு பரப்புக்குக் காணும், அது நொசிலையும் பம்ப் அடிக்கிற கையையும் நடையையும் பொறுத்தது, நிலத்துக்குப் போய்ச் சேர வேண்டிய மருந்து மட்டும் மாறாது என்று அவள் விளங்கப்படுத்தினாள். ஆகவே முதலில் நடையை அளக்க வேண்டும்.

அளந்தோம். வெங்காயத்துக்குள்ளேயே பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் கயிறு பிடித்து நாலு தடி ஊன்றினாள். தாங்கியில் வெறும் தண்ணீரைக் கோடு வரைக்கும் நிரப்பினோம். அக்கா வழமை போல அடிக்க வேண்டும், கெதிப்படுத்தவும் கூடாது, ஆறுதலாகவும் கூடாது. அக்கா சேட்டைப் போட்டுக்கொண்டு விறுவிறென்று அடித்துக்கொண்டு போனாள். முடிந்ததும் தாங்கியை முந்தி வைத்த இடத்திலேயே வைத்து, குவளையால் அளந்து அளந்து பழையபடி கோடு வரைக்கும் நிரப்பினோம். மூன்று லீற்றரும் இருநூறு மில்லியும் பிடித்தது.

"இது ஹெக்டேயரில நூறில ஒரு பங்கு" என்றாள் பிள்ளை. "அப்ப முழு ஹெக்டேயருக்கும் முந்நூற்று இருபது லீற்றர் தண்ணி. பதினாறு லீற்றர்த் தாங்கியால எண்டால் இருபது தாங்கி. ஆயிரம் மில்லியை இருபதாப் பிரியுங்கோ. தாங்கிக்கு அம்பது."

எனக்குப் பரப்பில் போட்டுப் பார்த்தால்தான் மனம் கொள்ளும். ஒரு ஹெக்டேயர் என்றால் கிட்டத்தட்ட நாற்பது பரப்பு. அக்காவின் நாலு பரப்பு அதில் பத்தில் ஒன்று. ஆகவே நூறு மில்லி போக வேண்டும். அக்கா இரண்டு தாங்கியில் நாலு பரப்பையும் முடிக்கிறவள். தாங்கிக்கு ஐம்பது. எந்தப் பக்கத்தால் போனாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

"நீங்கள் விட்டது பாதி மருந்து" என்றாள் பிள்ளை. "பாதி மருந்தைத் திருப்பித் திருப்பி அடிக்கிறது கூடாதம்மா. தப்பின பூச்சி அந்த மருந்துக்குப் பழகிப் போகும். இனி ஒருக்காச் சரியான அளவில அடிச்சுப் பாப்பம். அதுக்கும் கேக்காட்டில் வேறை மருந்துதான்."

மாமி சொன்ன பேய்க்கதை அந்த இடத்தில் முடிந்திருக்க வேண்டும். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புக்கூட வந்தது. ஆனால் அக்கா மூடியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்ப அவர் ஏன் ரெண்டு மூடி எண்டு சொன்னவர்?"

"ஐயா எத்தனை தாங்கி அடிக்கிறவர்?" என்று கேட்டாள் பிள்ளை.

"போன போகம் நாலு தாங்கி. நான்தானே தண்ணி அள்ளிக் குடுத்தனான்." சொல்லும்போது அவள் குரலில் பெருமை கூட இருந்தது. "நான் ரெண்டில முடிச்சுப் போடுவன்."

"அப்ப ஐயா செய்தது சரிதான். நாலு தாங்கிக்கு எட்டு மூடி, நூறு மில்லி. அவர் ஆறுதலா நடக்கிற ஆள் போல."

அக்கா, "இல்லை" என்றாள்.

அவள் அந்தச் சொல்லைச் சொன்ன விதம் எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது.

"அவர் ஆறுதலா நடக்கிற ஆள் இல்லை. அவரோட பஸ்ஸுக்குப் போக ஏலாது, ஓடவேணும். இவளைக் கேளும்."

நான் ஓம் என்றேன். அன்றைக்குக் காலையில் வேலிக்கரையில் நான் கண்டு பயந்தது எதை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கண்டது அத்தானின் நடை. விறுவிறு என்ற நடை. ஆனால் அது அவர் சாகிறபோது இருந்த நடை இல்லை. எத்தனையோ வருசத்துக்கு முந்தின அத்தானைத்தான் நான் அந்தச் சேட்டுக்குள் கண்டிருக்கிறேன். நடுவில் அவர் நடை குறைந்துகொண்டு போனதை நாங்கள் ஒருவரும் காணவில்லை. ஒவ்வொரு நாளும் காண்கிற ஆளில் அது தெரியாது.

அக்கா கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டாள். யாருக்கும் சொல்வதாக இல்லாமல் சொன்னாள்:

"முந்தி ரெண்டு தாங்கிதான். அப்ப நாலு மூடி விடுவர். நான் கண்டிருக்கிறன். பிறகு மூண்டு தாங்கியாச்சு. ஏனப்பா இன்னொருக்கா அள்ளச் சொல்லுறீங்கள் எண்டு கேட்டனான். பயிருக்குத் தண்ணி காணாது எண்டவர். அப்ப மூண்டு மூடி. ஆனா மூண்டாவது மூடி நிரம்பக் கூடாது எண்டு ஒரு நாள் என்ர கையைப் பிடிச்சு நிப்பாட்டினவர். மருந்தில மிச்சம் பிடிக்கிறார் எண்டு நான் சிரிச்சன். பிறகு நாலு தாங்கி, ரெண்டு மூடி."

பிள்ளை விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். பிறகு மெல்ல, "எட்டு மூடியை மூண்டாப் பிரிச்சால் ரெண்டு மூடியும் மூண்டாவதில கொஞ்சம் குறையவும்தான் வரும். அதுதான் நிரம்பக் கூடாது" என்றாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல என்னைப் பார்த்தாள்.

இரண்டு தாங்கி, மூன்று தாங்கி, நாலு தாங்கி. நிலம் மாறவில்லை, நொசில் மாறவில்லை. நெஞ்சு ஏலாமல் போகப் போக நடை குறைந்திருக்கிறது, நடை குறையக் குறையத் தண்ணீர் கூடியிருக்கிறது, தண்ணீர் கூடக் கூட அவர் மூடியைக் குறைத்திருக்கிறார். பயிருக்குப் போகிற மருந்தில் ஒரு சொட்டுப் பிழை விடவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தன் நடை எவ்வளவு குறைந்தது என்று மூடிக் கணக்கில் அளந்து வைத்திருந்த ஆள், எங்களில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

"டொக்டர் கனகால வருத்தம் எண்டவர்" என்றாள் அக்கா. "இதுதான் அந்தக் கனகாலம்."

கழிப்பு, கோபம், தாங்கியைத் தொட விடாத ஆவி எல்லாவற்றையும் நாங்கள் தாங்கியிருப்போம். அதற்கெல்லாம் ஊரில் வழி இருக்கிறது. இதற்கு ஒரு வழியும் இல்லை.

காற்றில்லாத ஒரு விடியற்காலையில் அக்கா மருந்தடித்தாள். போதனாசிரியப் பிள்ளை இரண்டு வழியும் சொல்லியிருந்தாள். நாலு மூடி விட்டு இரண்டு தாங்கி அடிக்கலாம், இல்லாவிட்டால் இரண்டு மூடி விட்டு ஆறுதலாக நடந்து நாலு தாங்கி அடிக்கலாம், நிலத்துக்குப் போகிற மருந்து ஒன்றுதான், பனிப்பூச்சி இடுக்குக்குள் இருக்கிறபடியால் ஆறுதலாக நனைய அடித்தால் இன்னும் நல்லது என்று. அக்கா ஆறுதலாக அடிக்க ஒத்துக்கொண்டாள். இரண்டு மூடி அளந்து விட்டாள், தாங்கியைத் தூக்கினாள். நான் தண்ணீர் அள்ளிக் கொடுக்க நின்றேன்.

முதல் பாத்தி பாதி போயிருக்க மாட்டாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

"ஏலாதடி. ஆறுதலா நடந்தால் அவற்ற நடை வருகுது."

 தாங்கியை இறக்கி, அடித்த அளவுக்குத் தண்ணீர் எவ்வளவு போனது என்று பார்த்தாள். இரண்டு லீற்றர் போல. மிச்சம் பதினாலில் இன்னும் எவ்வளவு மருந்து சேர்த்தால் லீற்றருக்கு இரட்டிப்பாகும் என்று விரலை மடக்கி, ஒரு மூடியும் முக்காலும் விட்டாள். மிச்சத்தைத் தன் நடையில், விறுவிறென்று, பல்லைக் கடித்துக்கொண்டு அடித்து முடித்தாள். நான் அவளைப் பின்னால் இருந்து பார்க்கவில்லை. கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூச்சி முழுக்கச் சாகவில்லை. ஆனால் புதுத் தாள் பச்சையாக வந்தது. மேற்கு மூலை போனது போனதுதான். மருந்தடித்து விட வேண்டிய நாளெல்லாம் விட்டு, பிறகு கிண்டி எடுத்தோம். வெங்காயம் சின்னன், பெரிதாக விற்க ஒன்றும் இல்லை. விதைக்கு மட்டும் போதுமாயிருந்தது. அக்கா பிடி கட்டினாள். அத்தானின் முடிச்சு அவளுக்கு வராது, தனக்கு வந்த முடிச்சில் கட்டித் தொங்கவிட்டாள். பிடி வளையில் ஏறினதும் மாமி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "கழிப்புக் கழிச்சதுதானே?" என்றா. "ஓம், கழிச்சுப் பிரிச்சு எல்லாம் செய்தது" என்றாள் அக்கா.

அதன் பிறகு அக்காவுக்கு ஒரு பழக்கம் வந்தது. ஒவ்வொரு போகமும் மருந்து போத்திலைத் திறக்க முந்தி, அந்தப் பத்துக்குப் பத்து மீற்றரில் வெறும் தண்ணீர் அடித்து அளப்பாள். தன்னை அளந்த பிறகு என்னையும் கூப்பிடுவாள். என் கத்தரித் தோட்டத்திலும் கயிறு பிடிப்பாள். நான் சலித்துக்கொள்வேன்.

"போன முறை அளந்ததுதானே அக்கா. நாலு லீற்றர். தாங்கிக்கு நாப்பது மில்லி. எனக்கு மனப்பாடம்."

"மனப்பாடத்தை விட்டிட்டு நட."

இந்த முறையும் நடந்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கால் நோகவில்லை, மூச்சு வாங்கவில்லை, வழமை போல நடந்ததாகத்தான் நினைத்தேன். அக்கா குனிந்து குவளையால் நிரப்பிக்கொண்டு வந்தாள். நாலு லீற்றரில் தண்ணீர் கோட்டுக்கு வரவில்லை. இன்னும் ஊற்றினாள். நாலு லீற்றரும் எண்ணூறு மில்லியும் பிடித்தது.

அக்கா நிமிரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நானூற்று எண்பது லீற்றர், முப்பது தாங்கி, தாங்கிக்கு முப்பத்திமூன்று மில்லி. கணக்கு எனக்கும் அந்த நேரமே வந்துவிட்டது.

"நொசில் தேஞ்சிருக்கும்" என்றேன்.

"நொசில் புதிசு. நான்தான் மாத்தினனான்."

"வெயில் அக்கா."

அவள் தாங்கியின் வாரை என் தோளிலிருந்து கழற்றினாள். என் கையைப் பிடித்தாள், நாடி பார்க்கிற மாதிரி இல்லை, றோட்டுக் கடக்கும்போது சின்னப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி.

"கத்தரிக்கு நான் அடிக்கிறன், என்ர நடையில" என்றாள். "நீ போய்ச் சீலையை மாத்து. ஊர்காவற்றுறை பஸ் வரப் போகுது."

"ஆஸ்பத்திரிக்கோ? எனக்கு ஒண்டுமில்லையே."

"ஒண்டுமில்லை எண்டு அங்க சொல்லட்டும்."

நான் போய்ச் சீலையை மாற்றினேன்.